சப்மிட் முதல் ரிவிஷன் வரை: வேலைப்பளுவுக்கு நடுவே ஆய்வுக்கட்டுரைக்கு நாள் குறிப்பது எப்படி

இதழ் கொடுக்கும் கெடு ஒரே ஒரு தேதி. அந்தத் தேதியை மட்டும் காலண்டரில் குறித்துக்கொண்டு வேலையில் இறங்குபவர்கள்தான் கடைசி நாளில் இணையாசிரியரின் பதிலுக்காகக் காத்துக்கிடக்கிறார்கள். ஒரு கட்டுரையில் உங்கள் கையால் ஆகும் வேலைக்கு எடுக்கும் நேரம் ஓரளவு கணிக்கக்கூடியது. இன்னொருவர் கையில் இருக்கும் வேலைக்குத்தான் கணக்கு தப்பும். அதனால் கீழே உள்ள படிகள் எல்லாம் ஒரே ஒழுங்கைப் பின்பற்றுகின்றன: பிறர் கைக்குப் போக வேண்டியது முதலில், உங்கள் கையிலேயே முடிவது பிறகு.

வகுப்பு, தேர்வு, நிர்வாக வேலை என்று வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே ஆய்வுக்குக் கிடைப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது இது. இதழுக்கு அனுப்பும் கட்டுரைதான் மையம். மாநாட்டுக் கட்டுரைக்கு எங்கே வேறுபடுமோ அங்கே மட்டும் சொல்லியிருக்கிறது.

## 1. தொடங்கும் முன்: உண்மையான மணிக்கணக்கு

முதலில் தேவைப்படுவது ஒரு எண். ஒரு வாரத்தில் உங்களுக்கு ஆய்வு எழுத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது? மனதில் தோன்றும் எண்ணை எழுத வேண்டாம். கடந்த நான்கு வாரக் காலண்டரைத் திறந்து, உண்மையில் உட்கார்ந்து எழுதிய நேரத்தைக் கூட்டி நான்கால் வகுங்கள். பத்து மணி நேரம் என்று நினைத்திருப்பவருக்கு ஐந்தோ ஆறோதான் வரும். அந்தச் சின்ன எண்ணை வைத்துத்தான் இனி எல்லாக் கணக்கும்.

இரண்டாவது, அடுத்த ஆறு மாதத்தில் எழுத்து வேலை நடக்கவே நடக்காத வாரங்கள்: விடைத்தாள் திருத்தும் வாரம், சேர்க்கை வாரம், பயணம். இவற்றைக் காலண்டரில் அடித்துவிடுங்கள். ‘இரவில் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அந்த வாரங்களுக்கும் பாதி மணி நேரம் ஒதுக்குவது வீண். அந்தப் பாதிதான் திட்டத்தைக் குலைக்கும்.

மூன்றாவது, இணையாசிரியர்கள் ஒவ்வொருவரும் எப்போது ஊரில் இருக்க மாட்டார்கள் என்ற விவரம். இதைச் சப்மிட் செய்வதற்கு முன்பே ஒரே மெயிலில் கேட்டுவிடலாம். ரிவிஷன் வந்த பிறகு கேட்டால் அது அவசரமாகத் தெரியும், பதிலும் தாமதமாகும்.

## 2. சப்மிட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இதழுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து கெடு கிடையாது. நீங்களே ஒரு நாளைக் குறிக்க வேண்டும். குறித்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் வேலைகள் தானாக வரிசைக்கு வரும்.

21 நாள் முன்பு, முழு வரைவு இணையாசிரியர்களுக்குப் போக வேண்டும். முழு வரைவு என்றால் சுருக்கம், படங்கள், மேற்கோள் பட்டியல் எல்லாம் உள்ளது. ‘முடிவுரை மட்டும் பாக்கி, மற்றதைப் பாருங்கள்’ என்று அனுப்பினால் அவர்கள் மறுபடியும் ஒருமுறை படிக்க வேண்டியிருக்கும். இரண்டாவது முறை யாரும் கவனமாகப் படிப்பதில்லை.

14 நாள் முன்பு, அவர்களது பதிலுக்கான கெடு. இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது: ‘இந்தத் தேதிக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்’ என்று எழுதிவிடுவது. மருத்துவ இதழ்கள் பின்பற்றும் ஐசிஎம்ஜெஇ விதிகளின்படி, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தருவது ஆசிரியராக இருப்பதற்கான நிபந்தனைகளில் ஒன்று. மற்றத் துறை இதழ்களிலும், எல்லா ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டார்கள் என்று நீங்கள்தான் உறுதி சொல்கிறீர்கள். மௌனம் ஒப்புதல் ஆகாது. பதில் வராதவரைக் கெடுவுக்கு மறுநாளே போனில் பிடியுங்கள்.

10 நாள் முன்பு, எழுத்துக்கு வெளியே உள்ள சமாசாரங்கள்: நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண், நிதி தந்த அமைப்பு கேட்கும் சரியான வாசகம், ஒவ்வொருவரது ஓர்கிட் எண், யார் என்ன வேலை செய்தார்கள் என்ற பங்களிப்புக் குறிப்பு, தரவு எங்கே கிடைக்கும் என்ற குறிப்பு. இவற்றில் எதுவும் கஷ்டமானது இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் வேறொருவரிடம் இருக்கிறது. வேறு கட்டுரையிலிருந்து எடுத்த படம் இருந்தால் அதன் அனுமதிக்கு மட்டும் பத்து நாள் போதாது. முதல் வரைவு எழுதும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும்.

3 நாள் முன்பு, இதழின் தளத்தில் கோப்புகளை ஏற்றத் தொடங்குங்கள், ஆனால் அனுப்பாதீர்கள். அந்தத் தளம் என்னென்ன கேட்கிறது என்பது உள்ளே நுழைந்த பிறகுதான் தெரியும். பரிந்துரைக்கும் மதிப்பாய்வாளர் பெயர்களைக் கட்டாயமாக்கிய இதழும் உண்டு, கட்டுரையின் சாரத்தைச் சில வரிகளில் தனியாகக் கேட்கும் இதழும் உண்டு. மதிப்பாய்வாளர் பெயரை அந்த நிமிடம் யோசித்துப் போட்டால், சென்ற ஆண்டு உங்களோடு சேர்ந்து எழுதியவர் பெயரைப் போட்டுவிடுவீர்கள். எடிட்டர் அதை முரண்நலன் என்றுதான் பார்ப்பார்.

மாநாட்டுக்கு ஒரு எச்சரிக்கை. கெடுவுக்குப் பக்கத்தில் AoE என்று இருந்தால் அது UTC−12 நேரம். அந்தத் தேதியின் இரவு 11:59 என்பது மறுநாள் 11:59 UTC. உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றி எழுதிவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தக் கூடுதல் நேரத்தைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். மேலும் பல மாநாடுகளில் சுருக்கத்துக்கான கெடு முடிந்த பிறகு ஆசிரியர் பட்டியலைத் தொட முடியாது. பெயர் வரிசை பற்றிய பேச்சு அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

## 3. அனுப்பும் நாள்

எடிட்டோரியல் மேனேஜர் பயன்படுத்தும் இதழ்களில் புதியவர்கள் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. கோப்புகளை ஏற்றியதும் Build PDF for Approval அழுத்துகிறார்கள், பக்கம் மாறுகிறது, வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். முடியவில்லை. தளம் உருவாக்கிய பிடிஎஃபைத் திறந்து பார்த்து, Approve Submission கொடுத்தால்தான் கட்டுரை இதழுக்குப் போகும். அதுவரை அது Submissions Waiting for Author's Approval என்ற அடுக்கிலேயே கிடக்கும். இதழிலிருந்து கட்டுரை எண் வரவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

அந்தப் பிடிஎஃபை முழுவதும் புரட்டுங்கள். சமன்பாட்டுக் குறிகள் கட்டம் கட்டமாக மாறியிருப்பதும், படம் 3 இருக்க வேண்டிய இடத்தில் படம் 2 மறுபடி வந்திருப்பதும் இங்கேதான் தெரியும். மதிப்பாய்வாளர் பார்ப்பது இந்தக் கோப்பைத்தான், உங்கள் கணினியில் இருப்பதை அல்ல.

அனுப்பிய அன்றே, அனுப்பிய கோப்புகள் அத்தனையையும் ஒரு தனி அடைவில் போட்டு அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். கிட் பயன்படுத்துபவர்கள் ஒரு டேக் போட்டால் போதும்:

```
git tag submit-v1
```

காரணம் நான்கு மாதம் கழித்துத் தெரியும். மாற்றங்களைக் காட்டிய பிரதி கேட்பார்கள். எதோடு ஒப்பிட்டு மாற்றம் காட்டுவது? அனுப்பிய பிறகும் அதே கோப்பில் அங்கங்கே திருத்திக்கொண்டிருந்தால், பழைய வடிவம் கையில் இருக்காது.

## 4. காத்திருக்கும் மாதங்கள்

முதல் முடிவுக்குச் சராசரியாக எத்தனை நாள் ஆகும் என்று பல இதழ்கள் தங்கள் பக்கத்திலேயே போடுகின்றன. ஒன்றைக் கவனியுங்கள்: அந்தச் சராசரியில், மதிப்பாய்வுக்கே போகாமல் சில நாளில் திரும்பிய கட்டுரைகளும் சேர்ந்திருக்கலாம். அப்படியானால் மதிப்பாய்வுக்குப் போன கட்டுரைக்கு அதைவிடக் கூடுதல் நாள் ஆகும். மதிப்பாய்வுக்குப் பிந்தைய முடிவு என்று தனியாகப் போட்டிருந்தால் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குக் காலண்டரில் ‘ரிவிஷன் வரலாம்’ என்று மெலிதாக ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குள் புதிய பொறுப்பு எதையாவது ஏற்கும்போது குறைந்தபட்சம் தெரிந்தே ஏற்பீர்கள்.

காத்திருக்கும்போது செய்ய வேண்டிய ஒரே வேலை, ஒவ்வொரு படத்தையும் அட்டவணையையும் மூலத் தரவிலிருந்து மறுபடி உருவாக்க முடிகிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. ‘படம் 4-இல் பிழைக்கோடுகளைச் சேர்க்கவும்’ என்பது மதிப்பாய்வாளருக்கு ஒரு வரி. அந்தப் படத்தைப் போட்ட மாணவர் படிப்பை முடித்துப் போயிருந்தால் உங்களுக்கு ஒரு வாரம்.

எப்போது விசாரிக்கலாம்? இதழ் சொன்ன காலம் தாண்டியிருக்க வேண்டும். காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் பல துறைகளில் மூன்று மாதம் ஒரு நியாயமான அளவு. கணிதம் போல மெதுவாக நகரும் துறைகளில் அது போதாது. Under Review என்ற நிலைக்குப் பக்கத்தில் உள்ள தேதி மாறியதை வைத்து ஜோசியம் பார்க்க வேண்டாம். ஒரு மதிப்பாய்வாளர் விலகி இன்னொருவர் சேர்ந்தாலும் தேதி மாறும்.

## 5. முடிவுக் கடிதம் வந்த முதல் இரண்டு நாள்

மேஜர் ரிவிஷன் என்று வந்தால் கடிதத்தை ஒருமுறை படித்து மூடிவையுங்கள். பதில் எழுதும் வேலை இந்த இரண்டு நாளில் இல்லை. மூன்றே காரியங்கள்தான்.

முதலாவது, கெடுவை இரண்டு இடத்தில் சரிபாருங்கள்: கடிதத்தில் ஒன்று, தளத்தில் ஒன்று. ‘60 நாளுக்குள்’ என்று கடிதம் சொல்லும்போது நாட்கள் பெரும்பாலும் கடிதம் வந்த தேதியிலிருந்தே ஓடும், நீங்கள் படித்த தேதியிலிருந்து அல்ல. இரண்டும் பொருந்தாவிட்டால் முந்தைய தேதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எடிட்டர் தன் பெயரில் எழுதிய பத்தியைத் தனியாகப் படியுங்கள். புதியவர்கள் இதைத் தாண்டி நேராக மதிப்பாய்வாளர் 2-க்குப் போய்க் கோபப்படுகிறார்கள். ‘குறிப்பாக மாதிரி அளவு பற்றிய கேள்விக்குத் தெளிவான பதில் வேண்டும்’ என்று எடிட்டர் ஒரு வரி எழுதியிருந்தால், கட்டுரையின் தலையெழுத்து பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கிறது.

மூன்றாவது, கருத்துகளை ஒரு அட்டவணையில் போட்டு உடையுங்கள். இது சற்று நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. மதிப்பாய்வாளர்கள் எண் போட்டிருந்தாலும் ஒரு எண்ணுக்குள் பல கேள்விகள் இருக்கும். உதாரணமாக, மதிப்பாய்வாளர் 2-இன் நான்காவது கருத்து:

> 4. மாதிரி அளவு சிறியது, அதை எப்படித் தீர்மானித்தார்கள் என்றும் சொல்லவில்லை. அட்டவணை 2-இல் உள்ள எண்ணிக்கை உரையில் உள்ளதோடு பொருந்தவில்லை.

இது ஒரு கருத்து அல்ல, மூன்று. மாதிரி சிறியது என்பது வரம்புகள் பகுதியில் ஒப்புக்கொள்ள வேண்டியது. எப்படித் தீர்மானித்தீர்கள் என்பது முறையியலில் சேர்க்க வேண்டியது. எண் பொருந்தவில்லை என்பது தரவைத் திறந்து பார்க்க வேண்டியது. 2.4அ, 2.4ஆ, 2.4இ என்று மூன்று வரிசையாக எழுதுங்கள். உடைக்காமல் விட்டால் நடுவில் இருப்பது ஒன்று பதிலில்லாமல் போகும். ‘நான் கேட்டதற்குப் பதில் இல்லை’ என்று இரண்டாம் சுற்றில் வருவது பெரும்பாலும் இப்படி விட்டுப்போனதுதான்.

அட்டவணையில் ஐந்து கட்டம் போதும்: எண், கருத்து அப்படியே, என்ன செய்யப்போகிறோம், யார் செய்வார், எந்தத் தேதிக்குள். இரண்டாம் நாள் இறுதிக்குள் இதை இணையாசிரியர்களுக்கு அனுப்புங்கள்.

## 6. ஒரு கணக்கு: 23 கருத்து, 60 நாள், வாரம் 6 மணி நேரம்

எண்களோடு பார்த்தால்தான் இது புரியும். கடிதம் மார்ச் 4, புதன்கிழமை வருகிறது. 60 நாள் எண்ணினால் கெடு மே 3, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை தளம் மக்கர் செய்தால் உதவிக்கு ஆள் இருக்காது. ஆகவே உங்கள் கெடு ஏப்ரல் 28, செவ்வாய். மார்ச் 23 முதல் ஏப்ரல் 3 வரை விடைத்தாள் திருத்தும் வாரங்கள், அங்கே பூஜ்யம்.

உடைத்த பிறகு 23 கருத்துகள். அவற்றை வேலையின் தன்மைப்படி பிரிக்கிறோம். வெறும் சொல் திருத்தம், விடுபட்ட மேற்கோள் போன்றவை 9, தலா 20 நிமிடம், மொத்தம் 3 மணி. விளக்கம் எழுத வேண்டியவை 6, தலா 1 மணி. இருக்கும் தரவிலேயே புதிய பகுப்பாய்வு கேட்பவை 5, தலா 4 மணி, மொத்தம் 20. கூடுதல் பரிசோதனை கேட்பவை 2. இதில் ஆய்வகத்தில் மூன்று வாரம் ஆகும், ஆனால் உங்கள் நேரம் 6 மணிதான். ஏற்க முடியாத கருத்து 1, அதற்கு 3 மணி, ஏனென்றால் மறுப்பதற்குத்தான் அதிகம் படிக்க வேண்டும். கூட்டினால் 38. இணையாசிரியர் திருத்தங்களைச் சேர்க்க 3, கடைசிக் கோர்ப்புக்கு 6. ஆக 47 மணி நேரம்.

கையில் இருப்பது? மார்ச் 4, 9, 16, ஏப்ரல் 6, 13, 20 ஆகிய நாட்களில் தொடங்கும் ஆறு வாரங்கள், வாரம் 6 மணி வீதம் 36. பதினோரு மணி நேரம் இடிக்கிறது. இந்தப் பற்றாக்குறை மார்ச் 6-ஆம் தேதி தெரிந்தால் அது ஒரு தகவல். ஏப்ரல் 25-ஆம் தேதி தெரிந்தால் நெருக்கடி.

மொத்தக் கணக்கு மட்டும் போதாது, எந்த மணி நேரம் எங்கே விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். இணையாசிரியர்களுக்கு ஏழு நாள் கொடுக்க, முழு வரைவு ஏப்ரல் 14 அன்று போயாக வேண்டும். அதற்கு முன் உங்களிடம் நான்கு வாரம், 24 மணி நேரம்தான். இப்போது இரண்டு முடிவு எடுக்கிறோம். பகுப்பாய்வு 5-இல் 3 ஓர் இணையாசிரியருக்குப் போகிறது: 12 மணி குறையும், சரிபார்க்க 1 மணி கூடும். சொல் திருத்தங்கள் ஒன்பதும் ஏப்ரல் 14-க்குப் பிறகு, வரைவு மற்றவர்களிடம் இருக்கும் வாரத்துக்குத் தள்ளிப்போகின்றன. முன்பகுதிக்கு மிஞ்சுவது சரியாக 24. பின்பகுதியில் திருத்தம் 3, சேர்க்கை 3, கோர்ப்பு 6, மொத்தம் 12. இரண்டு வாரம்.

சொல் திருத்தங்களைத் தள்ளியது பலருக்கு உறுத்தும். எளியதை முதலில் முடித்தால் ஒன்பது கட்டம் டிக் ஆகும், மனதுக்கும் இதம். ஆனால் புதிய பகுப்பாய்வு வந்ததும், நீங்கள் மெருகேற்றிய பத்தியே நீங்கிவிடலாம். அதைவிட முக்கியம், அந்த முதல் மூன்று மணி நேரத்தில் பரிசோதனைக்கான ஏற்பாட்டைச் செய்திருந்தால், ஆய்வகம் மார்ச் 9 அன்றே தொடங்கியிருக்கும். மார்ச் 30-க்குள் முடிய வேண்டியது ஒரு வாரம் தாமதமானாலும் ஏப்ரல் 6-க்குள் முடிவு கையில் இருக்கும். விடைத்தாள் திருத்தும் இரண்டு வாரமும் உங்கள் வேலை நின்றிருக்கும், கட்டுரையின் வேலை நின்றிருக்காது.

இந்தத் திட்டத்தில் ஓய்வு இடம் ஏப்ரல் 28 முதல் மே 3 வரையிலான ஐந்து நாள் மட்டுமே. ஆகவே ஏப்ரல் 6-ஆம் தேதியைச் சிவப்பில் வட்டமிடுங்கள். அன்று ஆய்வக முடிவு வரவில்லை என்றால் கால நீட்டிப்பு கேட்கும் நாள் அதுதான்.

## 7. பதில் ஆவணம்: கட்டுரையைத் திருத்தும் முன்

கட்டுரையைத் திருத்தி முடித்த பிறகு பதிலை எழுதலாம் என்பதுதான் பலரது வழக்கம். மாற்றிச் செய்யுங்கள். ஒவ்வொரு கருத்துக்கும் பதிலை முதலில் இரண்டு மூன்று வரியில் எழுதினால், கட்டுரையில் எதை மாற்ற வேண்டும் என்பது அந்த வரியிலேயே வந்துவிடும். திருத்திவிட்டுப் பதில் எழுதுபவர், செய்த மாற்றத்துக்கு ஏற்ற மாதிரி கேள்வியை வளைத்துப் படிப்பார்.

ஒவ்வொரு பதிலிலும் மூன்று பகுதி இருக்க வேண்டும்: கருத்து அப்படியே, உங்கள் விடை, மாறிய வாசகம். மேலே பார்த்த 2.4இ-யை எடுத்துக்கொள்வோம். உரையில் 121 பேர், அட்டவணையில் 118 பேர். ‘சுட்டிக்காட்டியதற்கு நன்றி, திருத்திவிட்டோம்’ என்பது பதில் போலத் தெரியும், ஆனால் எது சரி, ஏன் வேறுபட்டது என்று மதிப்பாய்வாளர் மறுபடி தேட வேண்டும். வேலை முடிந்த பதில் இப்படி இருக்கும்:

> பதிவு செய்தவர்கள் 121 பேர். மூன்று பேர் இரண்டாம் அளவீட்டுக்கு வராததால் பகுப்பாய்வில் 118 பேர் மட்டுமே சேர்க்கப்பட்டனர். முதல் வடிவில் இது சொல்லப்படாதது எங்கள் பிழை. முறையியல், இரண்டாம் பத்தியில் சேர்த்த வாசகம்: “பதிவு செய்த 121 பேரில், இரண்டு அளவீடுகளையும் முடித்த 118 பேரின் தரவு பகுப்பாய்வு செய்யப்பட்டது.”

மாறிய வாசகத்தைப் பதிலிலேயே கொடுத்துவிட்டால், மதிப்பாய்வாளர் கட்டுரையைத் திறக்காமலே அந்தக் கருத்தை முடித்துவைக்கலாம். அவரும் வகுப்புக்கும் விடைத்தாளுக்கும் நடுவில்தான் இதைப் படிக்கிறார்.

மறுக்க வேண்டிய கருத்துக்கு, மறுப்பதற்கு முன் அவர் எதைப் பார்த்து அப்படி நினைத்தார் என்று தேடுங்கள். பெரும்பாலும் கட்டுரையில் ஒரு வாக்கியம் இரண்டு விதமாகப் படிக்கக்கூடியதாக இருக்கும். அந்த வாக்கியத்தை மாற்றி, பிறகு உங்கள் காரணத்தைச் சொன்னால், முழுக்க மறுத்ததாக ஆகாது. இரண்டு மதிப்பாய்வாளர்கள் எதிரெதிராகக் கேட்டால் (ஒருவர் பகுதி 3-ஐச் சுருக்கச் சொல்கிறார், இன்னொருவர் விரிக்கச் சொல்கிறார்) இருவருக்கும் தனித்தனியாகத் தலையாட்டக் கூடாது. இருவரும் மற்றவருடைய பதிலையும் பார்க்கக்கூடும். எந்தப் பக்கம் போனீர்கள், ஏன் என்று எடிட்டருக்கான கடிதத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். அது தீர்க்க முடியாத அளவுக்குப் பெரியது என்றால், முதல் வாரத்திலேயே எடிட்டரிடம் கேட்டுவிடலாம்.

பெயர் மறைத்த மதிப்பாய்வு என்றால் பதில் ஆவணத்திலும் பெயர், நிறுவனம், கோப்பின் உள்விவரம் எதுவும் இருக்கக் கூடாது. கட்டுரையில் மறைத்துவிட்டுப் பதிலின் அடியில் கையெழுத்துப் போடுபவர்கள் நிறையப் பேர்.

## 8. கால நீட்டிப்பு கேட்பது

கெடுவுக்கு முன்பு காரணத்தோடு கேட்டால் எடிட்டர்கள் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். கெடு தாண்டினால் சில தளங்களில் ரிவிஷனுக்கான இணைப்பே மறைந்துவிடும், கட்டுரையைப் புதிய சமர்ப்பிப்பாக அனுப்பச் சொல்லும் இதழ்களும் உண்டு. பிறகு அதே மதிப்பாய்வாளர்கள் கிடைப்பார்கள் என்ற உறுதி இல்லை.

கடிதத்தில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: கட்டுரை எண், இதுவரை முடிந்தது, எது பாக்கி, எந்தத் தேதி வேண்டும். ‘23 கருத்துகளில் 20-க்கான வேலை முடிந்தது. மதிப்பாய்வாளர் 1 கேட்ட கூடுதல் பரிசோதனை நடந்துகொண்டிருக்கிறது. மே 22 வரை அவகாசம் வேண்டுகிறோம்.’ வேலைப்பளு பற்றிய விளக்கம் தேவையில்லை, எடிட்டருக்கும் அது உண்டு. ‘இன்னும் கொஞ்ச நாள்’ என்று எழுதாமல் தேதி கேளுங்கள், அதுவும் வேலை நாளாக இருக்கட்டும்.

எடிட்டர் சரி என்று மெயில் அனுப்பியதும் தளத்துக்குள் போய்த் தேதி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மெயிலில் தந்த அவகாசம் தளத்தில் ஏறாமல் விடுபடுவது உண்டு. கெடு நாளில் தளம் பூட்டிக்கொண்டால் அந்த மெயிலைக் காட்டித்தான் மறுபடி திறக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

## 9. கடைசி வாரத்தின் வரிசை

இங்கே வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்வீர்கள்.

முதலில் கட்டுரையின் வாசகத்தைப் பூட்டுங்கள். இணையாசிரியர் திருத்தங்கள் சேர்ந்த பிறகு ஒரு எழுத்தும் மாறக் கூடாது. அதன் பிறகுதான் மாற்றம் காட்டும் பிரதி. வேர்டில் Review > Compare வழியாகப் பழைய, புதிய கோப்புகளை ஒப்பிடலாம். லேடெக்கில்:

```
latexdiff submit-v1.tex revision-1.tex > changes.tex
```

அட்டவணையிலும் சமன்பாட்டிலும் மாற்றம் நிறைய இருந்தால் இப்படி வரும் கோப்பு ஓடாமல் நிற்கலாம். அதனால் இதைக் கெடு நாளுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

வரி எண்களைப் பதில் ஆவணத்தில் போடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. வரைவு எழுதும்போது ‘வரி ###’ என்று விட்டுவைத்து, கடைசியில் அந்தக் குறியைத் தேடித் தேடி நிரப்புங்கள். சுத்தமான பிரதியின் வரி எண்ணும் மாற்றம் காட்டும் பிரதியின் வரி எண்ணும் ஒன்றல்ல, எந்தப் பிரதியைச் சொல்கிறீர்கள் என்று பதிலின் தலைப்பிலேயே ஒரு வரி எழுதுங்கள். சில தளங்கள் பிடிஎஃப் உருவாக்கும்போது தாமே வரி எண் போடும், அப்போது உங்கள் எண்கள் பொருந்தாது. பகுதிப் பெயரையும் பத்தியையும் சேர்த்தே குறிப்பிட்டால் இந்தத் தொல்லை பாதிக்காது.

பிறகு அட்டவணையைத் திறந்து 23 எண்களும் பதில் ஆவணத்தில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். சுருக்கத்தில் உள்ள எண்கள் புதிய முடிவுகளோடு பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். தளத்தில் தனியாகத் தட்டச்சு செய்த சுருக்கமும் கோப்பில் உள்ள சுருக்கமும் வேறு வேறு. முதல் சப்மிட்டில் போட்ட பழையது அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

## 10. அதற்குப் பிறகு வரும் சின்னக் கெடுக்கள்

மைனர் ரிவிஷன் வந்தால் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் தருவார்கள். அதைத் தள்ளிப்போடாமல் வந்த வாரமே முடித்துவிடுவது நல்லது, எடிட்டருக்கும் கட்டுரை நினைவில் இருக்கும்.

ஏற்றுக்கொண்ட பிறகு வரும் ப்ரூஃபுக்குத்தான் கெடு மிகக் குறைவு. 48 மணி நேரத்தில் திருப்பக் கேட்கும் பதிப்பகங்கள் உண்டு. எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியாது, தொடர்பு ஆசிரியரின் மெயிலுக்கு மட்டுமே வரும், குப்பை அடைவுக்குப் போவதும் சாதாரணம். அந்த வாரம் நீங்கள் பயணத்தில் இருப்பீர்கள் என்றால், யார் பார்ப்பது என்று ஏற்பு மெயில் வந்த அன்றே ஓர் இணையாசிரியரிடம் பேசி, அதைப் பதிப்பகத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். பார்க்கும்போது ஆசிரியர் பெயர்களின் எழுத்துக்கூட்டல், நிறுவனப் பெயர், நிதிக் குறிப்பு, அட்டவணை எண்கள், சமன்பாடுகள் என்ற வரிசையில் பாருங்கள். நேரம் பாதியில் தீர்ந்தாலும், வெளியான பிறகு திருத்தக் கஷ்டமானவை முடிந்திருக்கும்.